வறு, வதக்கு, பொரி, அவி: சமையல் குறிப்பில் வரும் வினைச்சொற்களைப் படிப்பது எப்படி

வேலைக்காக வீட்டை விட்டு வந்து தனியாகச் சமைக்க ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தது அம்மா எழுதிக் கொடுத்த ஒரு நோட்டு மட்டும்தான். அதில் எந்தக் குறிப்பும் ஆறு வரியைத் தாண்டாது. "மல்லி மிளகாய் வறுத்து, வெங்காயம் வதக்கி, அரைத்து" என்று போய்க்கொண்டே இருக்கும். எவ்வளவு எண்ணெய், எத்தனை நிமிடம், தீ எப்படி என்று ஒன்றும் இருக்காது. நான் மல்லியை நிறைய எண்ணெய் விட்டு வறுத்தேன், அது மிக்சியில் பொடியாகாமல் சேறு மாதிரி அப்பிக்கொண்டது. அடுத்த நாள் வெங்காயத்தை வெறும் வாணலியில் போட்டேன், வெளியே கருகி உள்ளே பச்சையாகவே இருந்தது. அளவும் நேரமும் எழுதவில்லையே என்று அம்மாவிடம் கேட்டேன். "எல்லாம் எழுதித்தானே இருக்கு, வறுத்து, வதக்கின்னு" என்றார்.

அவர் சொன்னது உண்மை. பல மாதம் ஆன பிறகுதான் எனக்குப் புரிந்தது, அந்த ஒற்றைச் சொல்லுக்குள்ளேயே எண்ணெய், தீ, கை அசைவு, எப்போது நிறுத்துவது எல்லாம் இருக்கிறது. புதிதாகச் சமைக்க வருகிறவர்கள் நான் வீணாக்கிய அளவுக்குச் சாமானை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எல்லாச் சொற்களையும் எடுக்கவில்லை. குறிப்பில் அடிக்கடி வருவதும், ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ள வாய்ப்புள்ளதும் ஆன சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1. அடுப்பைப் பற்றவைக்கும் முன் குறிப்பில் கோடு போடுங்கள்

பென்சில் எடுத்து வினைச்சொற்களின் கீழ் மட்டும் கோடு போடுங்கள். ஒவ்வொரு சொல்லிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பொருளில் இருக்கும் ஈரம் என்ன ஆகவேண்டும்? ஈரம் முழுக்கப் போகவேண்டும் என்றால் வறு. தன் ஈரத்திலேயே பொருள் துவண்டு வேகவேண்டும் என்றால் வதக்கு. சுடு எண்ணெயில் ஈரம் குமிழியாக வெளியேறி மேலே மொறுமொறுப்பாக வேண்டும் என்றால் பொரி. வெளியிலிருந்து ஈரம் கொடுத்து மெத்தென்று ஆக்கவேண்டும் என்றால் அவி அல்லது வேகவை. எனக்கு இந்த ஒரு கேள்வி பிடிபட்ட பிறகு நோட்டு தானாகத் திறந்துகொண்டது.

அப்புறம், வினைச்சொல்லுக்கு முன்னால் ஒட்டிவரும் சின்னச் சொல்லையும் சேர்த்துக் கோடு போடுங்கள். "சிவக்க வறுத்து", "வாசம் வர வறுத்து", "சுருள வதக்கி", "குழைய வேகவைத்து" என்று வரும். இதை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள், எப்போது அடுப்பை அணைப்பது என்பதை அதுதான் சொல்கிறது. நிமிடக் கணக்கு வாணலிக்கு வாணலி மாறும். இந்தச் சொல் மாறாது.

2. வறு: எண்ணெய் இல்லை, அல்லது பேருக்குத்தான்

மல்லி, பருப்பு, ரவை, எள், மிளகு என்று ஏற்கெனவே காய்ந்த பொருளுக்குத்தான் பெரும்பாலும் இந்தச் சொல் வரும். காய்ந்ததில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஈரத்தையும் ஓட்டி, மணத்தை எழுப்புவதுதான் வேலை. அதனால் அடிகனமான வாணலி, சிறு தீ, நிற்காத கை. கரண்டியை வைத்துவிட்டுப் போனைப் பார்த்தால் அடியில் இருப்பது கருகும், மேலே இருப்பது பச்சையாக இருக்கும்.

காய்ந்த மிளகாய்க்கு மட்டும் அரை தேக்கரண்டி எண்ணெய் விட்டுக்கொள்ளலாம், நெடி கொஞ்சம் அடங்கும். மற்றதற்கு வேண்டாம். "எண்ணெய் விட்டு வறுத்து" என்று எழுதியிருந்தால்கூட ஒரு தேக்கரண்டி என்றுதான் அர்த்தம்.

நேரத்துக்கு ஒரு கணக்கு: இரண்டு மேசைக்கரண்டி மல்லி சிறு தீயில் மூன்று நிமிடம் ஆகும், ஒரு கப் ரவை ஐந்தாறு நிமிடம். ரவை வறுக்கும்போது நிறம் மாறும் வரை காத்திருக்காதீர்கள், கையில் எடுத்தால் ஒட்டாமல் மணல் போல உதிரவேண்டும், மணம் வரவேண்டும், அவ்வளவுதான். பாயசத்துக்குப் பாசிப்பருப்பு வறுப்பதும் இந்த மட்டத்தில்தான். "சிவக்க" என்று இருந்தால் மட்டும் நிறத்துக்குக் காத்திருங்கள்.

இதில் எல்லோரும் விழும் இடம் இரண்டு. ஒன்று, எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவது. கடலைப்பருப்பு சிவக்க எடுக்கும் நேரத்தில் வெந்தயம் கருகிவிடும், கருகிய வெந்தயத்தின் கசப்பைக் குழம்பில் என்ன போட்டாலும் எடுக்கமுடியாது. கெட்டியானது முதலில், மெல்லியது கடைசியில். நம்பிக்கை இல்லையென்றால் ஒவ்வொன்றாகத் தனித்தனியே வறுத்து ஒரே தட்டில் கொட்டுங்கள். இரண்டாவது, வறுத்ததை வாணலியிலேயே விட்டுவிடுவது. அடுப்பை அணைத்தாலும் வாணலியின் சூடு உடனே இறங்காது, அதுவும் இரும்பு வாணலி என்றால் நீங்கள் சரியாக நிறுத்தியது இரண்டே நிமிடத்தில் கறுத்துவிடும். உடனே தட்டுக்கு மாற்றுங்கள். நன்றாக ஆறிய பிறகு அரையுங்கள், சூட்டோடு அரைத்தால் ஆவி விட்டுப் பொடி கட்டிதட்டும்.

3. வதக்கு: எண்ணெய் உண்டு, ஆனால் வேலை செய்வது ஈரம்

செடியில் தண்ணீர் இல்லாமல் இலை துவண்டால் வதங்கிவிட்டது என்கிறோம் இல்லையா, அதே சொல்தான் இது. வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, கீரை, வெண்டைக்காய் என்று ஈரமுள்ள பொருளுக்கு மட்டும்தான் இது வரும். யாரும் மல்லியை வதக்கு என்று சொல்லமாட்டார்கள், ரவையை வதக்கு என்று சொல்லமாட்டார்கள். பொருளைப் பார்த்தாலே எந்தச் சொல் வரும் என்று தெரிந்துவிடும்.

ஒரு கப் நறுக்கிய வெங்காயத்துக்கு ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் போதும். மிதமான தீ. விடாமல் கிளறவேண்டாம், அரை நிமிடத்துக்கு ஒரு முறை புரட்டிவிட்டால் போதும். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் வெங்காயம் தண்ணீர் விட்டுச் சீக்கிரம் துவளும். நாலைந்து நிமிடத்தில் கண்ணாடி போல ஆகும், "வதக்கி" என்று மட்டும் எழுதியிருந்தால் இங்கே நிறுத்தலாம். "பொன்னிறமாக வதக்கி" என்றால் இன்னும் ஆறேழு நிமிடம். தக்காளிக்குச் "சுருள வதக்கி" என்று வரும். தக்காளியின் தண்ணீர் முழுக்க வற்றி, தோல் சுருண்டு, மொத்தமும் ஒன்றாகத் திரண்டு வாணலியில் ஒட்டாமல் வந்து, ஓரத்தில் எண்ணெய் தெரியும் நிலை அது. இரண்டு தக்காளிக்குக் குறைந்தது எட்டு நிமிடம் ஆகும். நிறையப் பேர் மூன்று நிமிடத்தில் அவசரப்பட்டு அடுத்த பொருளைப் போட்டுவிடுவார்கள், பிறகு குழம்பு பச்சையாக மணக்கிறதே என்று மசாலாவைக் குறை சொல்வார்கள்.

வெண்டைக்காய் மட்டும் விதிவிலக்கு. அதற்கு உப்பை முதலில் போட்டால் தண்ணீர் விட்டு நூல் நூலாகக் கொழகொழக்கும், மூடி வைத்தாலும் அப்படித்தான். காயைக் கழுவித் துடைத்து நறுக்கி, திறந்தே வைத்து வதக்கி, நூல் அறுந்த பிறகு உப்பு போடுங்கள்.

4. பொரி: செலவு அதிகம், பெயர்க் குழப்பமும் அதிகம்

முதலில் எழுத்து. சின்ன "ரி"தான். "பொறி" என்றால் தீப்பொறி, எலிப்பொறி. குறிப்புகளில் நிறையப் பேர் மாற்றி எழுதுகிறார்கள், பார்த்துக் குழம்பவேண்டாம்.

பொருள் முங்கும் அளவு எண்ணெயைக் காயவைத்து அதில் போட்டு எடுப்பது. ஒருவருக்காகச் சமைக்கிறீர்கள் என்றால் அகலமான வாணலியை எடுக்காதீர்கள், அதை நிரப்ப அரை லிட்டர் எண்ணெய் போய்விடும். குழிவான சின்ன வாணலியில் கால் லிட்டர் போதும், இரண்டிரண்டாகப் பொரித்துக்கொள்ளலாம். மிஞ்சிய எண்ணெயை ஆறவிட்டு வடிகட்டி, இரண்டு மூன்று நாளில் தாளிப்புக்கோ வதக்கவோ தீர்த்துவிடுங்கள், மறுபடி மறுபடி பொரிக்க வைத்திருக்கவேண்டாம்.

எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரு துளி மாவு விடுங்கள். அடியிலேயே கிடந்தால் இன்னும் காயவில்லை, இப்போது போட்டால் வடை எண்ணெய் குடிக்கும். போட்டவுடனே கறுத்தால் தீ அதிகம், மேலே சிவந்து உள்ளே மாவாக இருக்கும். அடியைத் தொட்டுவிட்டு நிதானமாக மேலே எழும்பி வந்தால் சரி. அப்பளத்துக்கு மட்டும் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காயவேண்டும், ஐந்து விநாடியில் வேலை முடிந்துவிடும். வடைக்கு மூன்று நான்கு நிமிடம். எப்போது எடுப்பது என்பதைக் காதால் கேளுங்கள்: ஈரம் வெளியேறும் வரைதான் சலசலப்பு இருக்கும், சத்தமும் குமிழியும் அடங்கினால் எடுத்துவிடலாம்.

இப்போது பெயர்க் குழப்பம். "பீன்ஸ் பொரியல்" என்று பார்த்துவிட்டு எண்ணெயைக் கொட்டிக் காயவைக்காதீர்கள். தமிழ்நாட்டில் பொரியல் என்றால் கடுகு உளுந்து தாளித்து, காயைத் துளித் தண்ணீர் தெளித்து வேகவைத்து, தேங்காய் தூவி இறக்குவது. ஒன்றிரண்டு தேக்கரண்டி எண்ணெய்தான். பொரித்த குழம்பிலும் காயைப் பொரிப்பது கிடையாது. இதற்கு நேர் எதிராக, என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா "கத்தரிக்காய்ப் பொரியல்" என்றால் நிஜமாகவே எண்ணெயில் முக்கிப் பொரிப்பார், நாம் பொரியல் என்பதற்குப் பக்கமாக அவர்களிடம் இருக்கும் சொல் "வறை". வறுவலும் இப்படித்தான்: உருளைக்கிழங்கு வறுவல் என்றால் ஒரு வீட்டில் மசாலா தடவிக் கொஞ்ச எண்ணெயில் பிரட்டி எடுப்பது, இன்னொரு வீட்டில் சீவிப் பொரித்த சிப்ஸ். அதனால் பதார்த்தத்தின் பெயரை நம்பாதீர்கள், உள்ளே இருக்கும் வரிகளில் என்ன வினைச்சொல் வருகிறது என்று பாருங்கள்.

எண்ணெயே இல்லாத பொரியும் உண்டு. அரிசிப் பொரியைச் சூடான மணலில் போட்டுத்தான் பொரிக்கிறார்கள். திடீர்ச் சூட்டில் சட்டென்று விரிந்து மொறுமொறுப்பாவதுதான் அந்தச் சொல்லின் உயிர், எண்ணெய் அதற்கு ஒரு வழி.

5. அவி, வேகவை: தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

வேகவை என்றால் பொருள் தண்ணீருக்குள் கிடக்கும், அந்தத் தண்ணீர் பெரும்பாலும் பதார்த்தத்தோடு சேர்ந்துவிடும். பருப்பு, குழம்பில் போடும் காய் இப்படி. அவி என்றால் பொருள் முழுசாக, உருக்குலையாமல் வெந்து வெளியே வரவேண்டும். இட்லி, கொழுக்கட்டை, இடியாப்பம் ஆவியில் அவிபடுகின்றன. முட்டையையும் பனங்கிழங்கையும் தண்ணீரில் போட்டாலும் அவிப்பது என்றுதான் சொல்கிறோம். ஆகவே "அவித்து" என்று பார்த்ததும் இட்லிப் பானையைத் தேடவேண்டியதில்லை. மாவுப் பொருள் என்றால் ஆவி, தோலோடும் ஓட்டோடும் இருக்கும் பொருள் என்றால் தண்ணீர். இந்தக் கணக்கு எனக்கு இதுவரை தவறியதில்லை.

இட்லிக்குத் தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகுதான் தட்டை உள்ளே வைக்கவேண்டும். அங்கிருந்து பத்து பன்னிரண்டு நிமிடம். பச்சைத் தண்ணீரிலேயே வைத்துவிட்டு நேரம் கணக்கிட்டால் நடுவில் மாவாக இருக்கும். தண்ணீர் தட்டின் அடியைத் தொட்டாலும் கெட்டது, கீழ்த்தட்டு இட்லி சொதசொதவென்று ஆகிவிடும். கையை நனைத்து நடுவில் தொட்டால் ஒட்டக்கூடாது. எடுத்ததும் இரண்டு நிமிடம் ஆறவிட்டால் இட்லி பிய்யாமல் வரும்.

வேகவைப்பதில் கவனிக்கவேண்டியது புளி. புளித்தண்ணீரில் பருப்பும் கெட்டியான காயும் சீக்கிரம் வேகாது, எவ்வளவு நேரம் கொதித்தாலும் விறைப்பாகவே நிற்கும். சாம்பாருக்குப் பருப்பைக் குழைய வேகவைத்து, முருங்கைக்காயை வெறும் தண்ணீரில் முக்கால் பதம் வேகவிட்டு, அப்புறம் புளி ஊற்றுங்கள்.

6. சுடு, வாட்டு

அப்பளம் சுடுவது என்றால் நேரடித் தீயில். தோசை சுடுவது கல்லில். ஆனால் வடை சுடுவதும் முறுக்கு சுடுவதும் எண்ணெயில்தான், அங்கே சுடு என்பது பொரி. மாவு பண்டம் வரிசையாகச் செய்து எடுப்பதற்கெல்லாம் சுடு என்று சொல்லும் பழக்கம் இது. காயோ கிழங்கோ சுடச் சொன்னால் மட்டும் தீயிலேயே வையுங்கள். துவையலுக்குக் கத்தரிக்காய் சுடும்போது மேலே கொஞ்சம் எண்ணெய் தடவி, நாலு இடத்தில் கத்தியால் குத்திவிட்டு வைக்கவேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும்.

வாட்டு என்பது தீயில் காட்டி எடுப்பது. வாழையிலையில் சோறு கட்டும் முன் வாட்டுவார்கள், பத்து விநாடி அப்படியும் இப்படியும் காட்டினால் இலை பளபளப்பாகி மடித்தாலும் கிழியாது. அதற்கு மேல் காட்டினால் சருகாகிவிடும்.

7. ஒரு குறிப்பை முழுசாகப் படித்துப் பார்ப்போம்

அம்மா நோட்டில் இருக்கும் கத்தரிக்காய்க் குழம்பு இது. அவர் எழுதியது அப்படியே:

"மல்லி மிளகாய் க.பருப்பு வெந்தயம் வாசம் வர வறுத்து, தேங்காய் சிவக்க வறுத்து, ஆறவிட்டு அரைக்கவும். கடுகு தாளித்து, சி.வெங்காயம் வதக்கி, தக்காளி சுருள வதக்கி, காய் போட்டுப் பிரட்டி, புளி ஊற்றி, காய் வெந்ததும் அரைத்ததைக் கரைத்து விட்டு, எண்ணெய் மிதக்க இறக்கவும்."

மூன்று பேருக்குச் சாமான்: மல்லி இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் ஐந்து, கடலைப்பருப்பு ஒரு தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, தேங்காய்த் துருவல் மூன்று மேசைக்கரண்டி, சின்ன வெங்காயம் பதினைந்து, தக்காளி ஒன்று, சின்னக் கத்தரிக்காய் ஆறு, நெல்லிக்காய் அளவு புளி, நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, அரை தேக்கரண்டி கடுகு, கறிவேப்பிலை, உப்பு. புளியை முதலிலேயே வெந்நீரில் ஊறப்போட்டுவிடுங்கள்.

"வாசம் வர வறுத்து" என்பதால் வெறும் வாணலி, சிறு தீ. கடலைப்பருப்பு முதலில், அது லேசாகச் சிவந்ததும் மல்லி, ஒரு நிமிடம் கழித்து மிளகாய், கடைசி அரை நிமிடம் வெந்தயம். தட்டில் கொட்டிவிட்டு அதே வாணலியில் தேங்காய். இதற்கு "சிவக்க" என்று தனியாக எழுதியிருக்கிறார் பாருங்கள், தேங்காயில் ஈரம் இருப்பதால் ஐந்து நிமிடம் வரை ஆகும், நடுவில் அவசரப்பட்டுத் தீயைக் கூட்டக்கூடாது. இதுவரை பன்னிரண்டு நிமிடம். ஆறுவதற்குப் பத்து நிமிடம், அதற்குள் காய் நறுக்கி முடித்துவிடலாம்.

"தாளித்து" என்றால் எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு கடுகு போட்டு, அது படபடவென்று வெடித்து ஓய்ந்ததும் கறிவேப்பிலை. வெடிக்காத கடுகு கசக்கும். பிறகு வெங்காயம் ஐந்து நிமிடம். தக்காளி ஒன்றுதான் என்பதால் ஆறு நிமிடத்தில் சுருண்டுவிடும். உப்பை இங்கேயே போட்டுவிடுங்கள்.

"பிரட்டி" என்ற சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள். கத்தரிக்காயை எண்ணெயிலும் தக்காளியிலும் மெதுவாக மேலும் கீழுமாகத் திருப்பிவிடுவது அது. தோல் நிறம் மாறி, காய் பாதி வெந்துவிடும், மூன்று நான்கு நிமிடம். புளித்தண்ணீரில் காய் வேகாது என்று மேலே சொன்னேன் இல்லையா, இங்கே புளியை முதலில் ஊற்றச் சொல்கிறாரே என்று எனக்கும் சந்தேகம் வந்தது. பிரட்டும்போதே பாதி வெந்துவிடுவதால் மீதி வேக்காடு புளியில் நடக்கலாம், அந்தப் புளிதான் காய் கரைந்துபோகாமல் முழுசாக நிற்கவைக்கிறது. பிரட்டாமல் ஊற்றினால் காய் விறைப்பாகவே நிற்கும்.

புளி ஊற்றிப் பத்து நிமிடத்தில் கத்தி காம்புப் பக்கம் தடையில்லாமல் இறங்கும். அப்போது அரைத்த விழுதை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, சிறு தீயில் விடுங்கள். "எண்ணெய் மிதக்க" என்பதற்கு இன்னும் பத்து நிமிடம் ஆகும். குமிழி பெரிதாகி மெதுவாக வெடிக்கும், ஓரத்தில் எண்ணெய் வளையமாகத் தெரியும், கரண்டியால் எடுத்து ஊற்றினால் தண்ணீர் தனியாக ஓடாது. ஆரம்பத்திலிருந்து மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வளையம் தெரியவில்லை என்றால் இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள், மேலே எண்ணெய் ஊற்றி வரவழைக்கவேண்டாம்.